பழைய சுற்றறிக்கையும் கேட்டில் கொடுத்துவிட்டு வந்த டிக்கெட்டும்

முதலில் சுற்றறிக்கையைப் படித்துவிடுங்கள். 1984-இல் கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் வெளியானது. ஊர் ஊராகப் போய் மோட்டார் மாட்டிக்கொடுக்கும் மெக்கானிக்குகளுக்கும், வசூலுக்குப் போகும் விற்பனைப் பிரிவினருக்கும் எழுதியது. பெயர்களை எடுத்துவிட்டேன்.

*ந.க. எண் 212/84/க1, நாள் 11-6-1984*

*பொருள்: வெளியூர்ப் பயணம் – முன்பணம் மற்றும் பயணப்படி – அறிவுரைகள் வழங்குதல் – தொடர்பாக.*

*பார்வை: இவ்வலுவலகச் சுற்றறிக்கை, நாள் 3-2-1981.*

*பார்வையில் காணும் சுற்றறிக்கையின்பால் அனைத்துப் பணியாளர்களின் கவனம் ஈர்க்கப்படுகிறது. முன்பணம் பெற்று வெளியூர்ப் பயணம் மேற்கொள்ளும் பணியாளர்கள் உரிய பட்டியலைச் சமர்ப்பிப்பதில் காலதாமதம் செய்து வருவது நிர்வாகத்தின் கவனத்திற்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. எனவே, இனிவரும் காலங்களில் மேற்படி பட்டியல்கள் பயணம் முடிந்து திரும்பிய நாளிலிருந்து ஏழு தினங்களுக்குள் பிரிவுத் தலைவரின் மேலொப்பத்துடன் கணக்குப் பிரிவிற்கு வந்து சேர வேண்டும் என்றும், தவறும் பட்சத்தில் நிலுவையிலுள்ள முன்பணம் அடுத்த மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும் என்றும் இதன் மூலம் அறிவிக்கப்படுகிறது. பேருந்துப் பயணச்சீட்டுகள் அசலாக இணைக்கப்பட வேண்டும். ரயில் பயணத்திற்குச் சீட்டின் எண் பட்டியலில் குறிக்கப்பட வேண்டும். சென்றடைந்த விவரமும் தங்குமிட முகவரியும் தந்தி மூலம் தெரிவிக்கப்பட வேண்டும். பெறப்படும் தொகைக்கு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையொப்பமிடப்பட வேண்டும். தவிர்க்க இயலாத நேர்வுகளில் மேலாளரின் முன் அனுமதி பெற்று விலக்களிக்கப்படும்.*

*(ஒப்பம்) மேலாளர். பெறுநர்: அனைத்துப் பிரிவுத் தலைவர்கள். நகல்: அறிவிப்புப் பலகை. நகல்: இருப்புக் கோப்பு.*

இதை இன்றைய ஆட்கள் படித்ததும் புரிந்துகொள்ளும்படி மாற்றி எழுதும் வேலை என்னிடம் வந்தது. அதே நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன்; பில் தாமதமாக வந்தால் மாதக் கடைசியில் மாட்டிக்கொள்வது நாங்கள்தான். அந்த வேலையில் நான் தெரிந்துகொண்டதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஏதாவது ஒரு தாள் இன்னும் அமலில் இருக்கக்கூடும்.

இந்த நடை எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை. 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு அரசு அலுவலகங்கள் ஆங்கிலக் குறிப்பாணையின் சட்டகத்தை அப்படியே வைத்துக்கொண்டு தமிழில் எழுதத் தொடங்கின. பொருள், பார்வை, பெறுநர், நகல் எல்லாம் அந்தச் சட்டகம். தனியார் கம்பெனிகளில் கடிதம் அடித்தவர்களில் பலர் அரசுத் தட்டச்சுத் தேர்வில் லோயர், ஹையர் எழுதித் தேறியவர்கள். பயிற்சியில் அடித்துப் பழகிய கடிதத்தின் வடிவம் கையோடு வந்துவிட்டது. அதோடு ஸ்டென்சில் வெட்டிச் சைக்ளோஸ்டைல் எந்திரத்தில் உருட்டிய காலம். ஒரு விஷயம் ஒரு தாளுக்குள் முடிய வேண்டும். பத்தி பிரிக்காமல், எண் போடாமல், ஒரே வாக்கியத்தில் விதியையும் தண்டனையையும் சேர்த்துக் கட்டியிருப்பதில் இடத்தின் நெருக்கடிக்கும் பங்குண்டு.

ஆகவே பழைய நடையைக் குறைசொல்லிக்கொண்டு ஆரம்பிப்பதில் எனக்கு விருப்பமில்லை. அந்தத் தாளைத் தயாரித்தவர் கவனமான ஆள். எண்ணைப் பாருங்கள்: 212/84/க1. 84-ஆம் ஆண்டின் 212-ஆவது கோப்பு, 'க' பிரிவு, ஒன்றாம் இருக்கை. சந்தேகம் இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பது அந்த எண்ணிலேயே இருக்கிறது. 'பார்வை' என்ற வரி, இதற்கு முன்னால் எந்த விதி இருந்தது என்று சொல்கிறது. 'நகல்' வரி, இது யார் கண்ணுக்கெல்லாம் போயிற்று என்று சொல்கிறது. மாற்றி எழுதுகிறவர்கள் முதலில் வெட்டுவது இந்த மூன்றையும்தான். பார்க்கப் பழசாக இருக்கிறது என்று தூக்கிப் போட்டுவிட்டு, "அன்புள்ள குழுவினரே" என்று ஆரம்பிக்கிறார்கள். கடைசியில் மின்னஞ்சல் பளிச்சென்று இருக்கும். யாரைக் கேட்பது, பழைய விதி உண்டா இல்லையா, எந்தத் தேதியிலிருந்து என்பது மட்டும் இருக்காது.

என் முறை எளிது. வாக்கியங்களைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வாக்கியத்திலிருந்தும் மூன்று விஷயங்களைப் பிரித்து எழுதிக்கொள்வேன்: யார் செய்ய வேண்டும், எதற்குள் செய்ய வேண்டும், எதற்காக அப்படி ஒரு விதி. முதல் இரண்டும் தாளிலேயே கிடைக்கும் என்று நினைப்போம். பெரும்பாலும் கிடைப்பதில்லை. மூன்றாவதற்கு ஆளைத் தேடிப் போக வேண்டும்.

யார் என்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தச் சுற்றறிக்கையின் பெரிய ஓட்டை அங்கேதான் இருந்தது. "பட்டியல்கள் ஏழு தினங்களுக்குள் பிரிவுத் தலைவரின் மேலொப்பத்துடன் வந்து சேர வேண்டும்." படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. இதை "நீங்கள்" என்று வைத்து எழுதிப் பாருங்கள். "நீங்கள் ஏழு நாட்களுக்குள் பில்லைப் பிரிவுத் தலைவரின் கையெழுத்தோடு கணக்குப் பிரிவுக்கு அனுப்புங்கள்." உடனே ஒரு கேள்வி எழுகிறது. மெக்கானிக் மூன்றாம் நாளே கொடுத்துவிட்டார். பிரிவுத் தலைவர் ஊரில் இல்லை. பத்தாம் நாள் கையெழுத்துப் போட்டார். தாமதம் யாருடையது? சம்பளத்தில் பிடித்தம் யாருக்கு?

செயப்பாட்டு வினையில் எழுதியிருக்கும்வரை இந்தக் கேள்வி வெளியே தெரியாது. பட்டியல்தான் வர வேண்டும், அதுவாக நடந்து வந்துவிடும் என்பதுபோல் வாக்கியம் நிற்கிறது. 'நீங்கள்' வந்ததும், கையில் இல்லாத ஒன்றுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கியிருப்பது பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். தாமதமானவற்றில் நிறைய, மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தவை.

இந்த இடத்தில் எழுதுகிறவர் ஒன்றை உணர வேண்டும். இது நடை மாற்றம் இல்லை, முடிவு. ஏழு நாள் ஊழியருக்கு, அதன்பின் இரண்டு வேலை நாள் பிரிவுத் தலைவருக்கு என்று பிரிக்கலாம்; அதை நானாகச் செய்ய எனக்கு அதிகாரமில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு மேலாளரிடம் கொண்டுபோனேன். "ஏழு நாளுக்குள்ள அவர் குடுத்துட்டா அவர் பொறுப்பு முடிஞ்சுது. அப்பறம் ரெண்டு நாள்ல ஒப்புதல் வரலைன்னா நேரா எங்கிட்ட வரட்டும்" என்றார். அந்த ஒரு வரி கிடைத்த பிறகுதான் மீதியை எழுத முடிந்தது.

'ஏழு நாள்' என்பதையும் உடைக்க வேண்டியிருந்தது. "திரும்பிய நாளிலிருந்து" என்றால் திரும்பிய நாளும் கணக்கா? செவ்வாய் இரவு பதினொரு மணிக்கு ஊர் வந்து சேர்ந்த ஒருவருக்குக் கடைசி நாள் திங்களா, அடுத்த செவ்வாயா? ஞாயிறு உண்டா? அந்தக் காலத்தில் காசாளர் ஆளுக்கு ஆள் முகம் பார்த்து ஒரு நாள் முன்பின் விட்டுக்கொடுத்திருப்பார். இப்போது பில்லை வாங்குவது ஒரு மென்பொருள். ஒரு நொடி தாண்டினால் சிவப்புக் காட்டும். ஆகவே உதாரணம் வைத்தே சொல்லிவிடுவது நல்லது: திரும்பிய நாளுக்கு மறுநாள் முதல் நாள், செவ்வாய் திரும்பினால் அடுத்த செவ்வாய்வரை. நாள் கணக்குக்கு விளக்கம் எழுதுவதைவிட ஒரு கிழமையின் பெயர் நன்றாக வேலை செய்கிறது.

அடுத்தது டிக்கெட். இந்தத் தாளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பேருந்துச் சீட்டை அசலாக இணைக்கச் சொல்லிவிட்டு ரயில் சீட்டுக்கு ஏன் எண் மட்டும்? இளம் சக ஊழியர் ஒருவர் இதைத் தட்டச்சுப் பிழை என்றே நினைத்தார்; இரண்டையும் சேர்த்து "எல்லா டிக்கெட்டையும் இணைக்கவும்" என்று எழுதிவிடலாம் என்றார். ஓய்வு பெற்ற எங்கள் காசாளருக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்க சார், ரயிலுக்கு மட்டும் நெம்பர் போதும்னு எழுதியிருக்கீங்களே, அது எதுக்குங்க?"

"அம்மிணி, அப்பல்லாம் ரயில் டிக்கெட்டு சின்ன அட்டை. ஊர்ல எறங்குனா கேட்டுல நிக்கறவரு கையோட வாங்கிக்குவாரு. அப்பறம் எதையக் கொண்டாந்து பில்லுல ஒட்டறது? அதுதான் ஏறும்போதே நெம்பரக் குறிச்சுக்கங்கன்னு சொல்லிவுட்டம். பஸ் டிக்கெட்டு கையிலயே இருக்கும். அதைய ஒட்டித்தான் ஆகோணும்."

எவ்வளவு யோசித்து எழுதிய விதி! சீட்டு கையில் இருக்கும் இடத்தில் சீட்டு. இருக்காத இடத்தில், பின்னால் சரிபார்க்கக்கூடிய ஓர் எண். இன்றைக்கு அந்த அட்டை இல்லை, கேட்டில் யாரும் வாங்கிக்கொள்வதும் இல்லை. ஆனால் தேவை அப்படியே இருக்கிறது: போனதற்கு ஓர் ஆதாரம் வேண்டும். முன்பதிவு டிக்கெட்டுக்கு பி.என்.ஆர். எண் அந்த வேலையைச் செய்யும். பேருந்தில் நிலைமை தலைகீழ். கண்டக்டர் கையிலிருக்கும் மெஷினிலிருந்து வரும் சீட்டு வெப்பத்தில் எழுத்து விழும் தாள். சட்டைப் பையில் வியர்வை பட்டு, வண்டி டேஷ்போர்டில் வெயில் பட்டு, ஏழு நாளில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். "அசலாக இணைக்கவும்" என்ற பழைய விதியை அப்படியே வைத்தால், நேர்மையாகப் போய்வந்த மெக்கானிக் வெள்ளைத் தாளை நீட்டிக்கொண்டு நிற்பார். புதிய விதி இப்படி ஆயிற்று: சீட்டு வாங்கிய அன்றே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்டோ என்றதும் இன்னொரு சிக்கல் வந்து நிற்கிறது. அசல் சீட்டைப் பில்லில் ஒட்டி, காசாளர் அதன்மேல் முத்திரை குத்திய பிறகு அந்தச் சீட்டுக்கு இரண்டாவது தடவை பணம் வாங்க வழியில்லை. அசல் கேட்டதற்கு அதுவே முக்கியக் காரணம். போட்டோவை எத்தனை தடவை வேண்டுமானாலும் அனுப்பலாம். ஒரே ஆட்டோவில் போன இரண்டு பேர் ஆளுக்கொரு தடவை அனுப்பலாம். பெரும்பாலும் மறதியால் நடக்கிறது, கெட்ட எண்ணத்தால் அல்ல. எங்களுக்கு அது தெரியவரும் விதம் எப்போதும் ஒன்றுதான்: ஒரே தேதி, ஒரே தொகை, ஒரே பில் எண் இரண்டு இடத்தில். எனவே போட்டோவோடு பில் எண்ணையும் தட்டச்சுச் செய்யச் சொல்ல வேண்டும். சேர்ந்து போனவர்கள் யாராவது ஒருவர் பெயரில் மட்டும் போட வேண்டும். பழைய தாளில் இல்லாத இந்த இரண்டு வரிகளும் பழைய தாளின் நோக்கத்தைக் காப்பாற்றுவதற்காகவே வந்தவை. வார்த்தைகளை மட்டும் நவீனமாக்கி, 'அசல்' என்ற இடத்தில் 'போட்டோ' என்று மாற்றிவிட்டு நகர்ந்திருந்தால் விதியின் உயிர் போயிருக்கும்.

தந்தி வரிக்கு வருவோம். தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றே போயிற்று. அதற்கு இன்று நேர் எது? வாட்ஸப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்லலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதைக் கடுமையாக எதிர்த்தேன். அன்று ஆள் போய்ச் சேர்ந்த ஊரில் அவரைத் தொடர்புகொள்ள வழி கிடையாது. அவசரம் என்றால் லாட்ஜுக்கு ட்ரங்க் கால் புக் பண்ணிக் காத்திருக்க வேண்டும். அதற்கு லாட்ஜ் எது என்று தெரிய வேண்டும். அந்தத் தந்தி ஓர் ஆளை எட்டுவதற்கான முகவரி. இன்று அவர் சட்டைப் பையிலேயே போன் இருக்கிறது. அந்த விதி தன் வேலையை முடித்துவிட்டது. அதன் இடத்தில் லொகேஷனை வைத்தால், உதவிக்காக எழுதிய ஒரு வரி, ஆளைக் கண்காணிக்கும் வரியாக மாறும். நாற்பது ஆண்டுக்கு முன் எவரும் கேட்காத ஒன்றைப் பழைய விதியின் பெயரால் கேட்பது முறையில்லை. வரியை எடுத்துவிட்டோம். இரவு பத்து மணிக்கு மேல் ஊர் போய்ச் சேருகிறவர்களுக்கு அவசர உதவி எண் ஒன்றைத் தனியாகக் கொடுத்தோம். அழைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ரெவின்யூ ஸ்டாம்ப் சீக்கிரம் முடிந்தது. அன்று இருபது ரூபாய்க்கு மேல் கையில் வாங்கினாலே ரசீதில் ஸ்டாம்ப் வேண்டும். இப்போது ஐயாயிரத்துக்கு மேல் வாங்கினால்தான் ஒரு ரூபாய் ஸ்டாம்ப். எங்களிடம் எல்லாப் பணமும் வங்கிக் கணக்குக்கே போகிறது. யாரும் ரசீதில் கையெழுத்துப் போடுவதில்லை. வரியையே எடுத்துவிட்டோம்.

புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்த ஒன்று லாட்ஜ் பில். ஜி.எஸ்.டி. பதிவுள்ள லாட்ஜில் தங்கும்போது நம் நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து பில் வாங்கினால், அந்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் தமிழ்நாட்டுக்குள் மட்டும். கொச்சியில் தங்கினால் லாட்ஜ் போடுவது கேரளத்தின் வரி. அங்கே பதிவு இல்லாத கோவை நிறுவனத்துக்கு அது உதவாது. இதைச் சொல்லாமல் விட்டால், கொச்சியில் ஒரு மெக்கானிக் எண்ணைச் சேர்த்துத் தரச் சொல்லி லாட்ஜ்காரரிடம் நடு ராத்திரியில் வாதாடிக்கொண்டிருப்பார். காரணத்தை விளக்காமல் "தமிழ்நாட்டுக்குள் தங்கினால்" என்று இரண்டு சொல் சேர்த்தால் போதும்.

இனி கடினமான பகுதி: சம்பளப் பிடித்தம். பழைய வாக்கியம் "பிடித்தம் செய்யப்படும்" என்று முடிகிறது. இன்றைய குரலில் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். சிலர் கூசிப்போய், "முடிந்தவரை சீக்கிரம் அனுப்பி ஒத்துழைத்தால் நன்றாக இருக்கும்" என்று எழுதுகிறார்கள். அது வேண்டுகோள், விதி இல்லை. அதை நம்பி நிதானமாக இருந்த ஒருவருக்கு மாதக் கடைசியில் பணம் பிடித்தால், ஏமாற்றப்பட்டதாகத்தான் அவர் நினைப்பார். மென்மையான சொல்லுக்குள் கடுமையான விளைவை மறைத்து வைப்பது அன்பில்லை. வேறு சிலர் பழைய மிரட்டலை அப்படியே வைத்து, மேலே "வணக்கம் நண்பர்களே" என்று ஒட்டுகிறார்கள். இரண்டு ஆட்கள் எழுதிய கடிதம் மாதிரி இருக்கும்.

நேர்மையான வழி, விளைவை வரிசையாகச் சொல்வது. ஏழு நாள் தாண்டினால் என்ன வரும், அதற்குப் பிறகு என்ன, பிடித்தத்துக்கு முன் பேச வாய்ப்பு உண்டா. அதோடு சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1936-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்திலும் சரி, அதன் இடத்தில் வந்த 2019 ஊதியத் தொகுப்பிலும் சரி, முன்பணத்தைச் சம்பளத்தில் பிடிக்க இடமுண்டு. ஆனால் ஒரு மாதத்தின் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு மாத ஊதியம் 16,000 ரூபாய். பத்தாயிரம் அட்வான்ஸ் வாங்கிப் போனார், பில் வரவில்லை. பாதி என்பது 8,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் சுமார் 2,000 போய்விட்டால், அட்வான்ஸுக்கு அந்த மாதம் பிடிக்கக்கூடியது ஆறாயிரம்தான். "நிலுவையிலுள்ள முன்பணம் அடுத்த மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும்" என்ற பழைய வரியை அப்படியே அமல்படுத்தினால் முழுப் பத்தாயிரமும் போகும். கம்பீரமாக ஒலிக்கிற வாக்கியங்களில் இப்படிப்பட்ட பிழைகள் நிம்மதியாகத் தூங்கும். இதைச் சட்ட ஆலோசகரிடம் காட்டிவிட்டே எழுதினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

விலக்கு வரியும் அப்படித்தான். "தவிர்க்க இயலாத நேர்வுகளில் மேலாளரின் முன் அனுமதி." தவிர்க்க முடியாதது என்றாலே முன்கூட்டித் தெரியாதது, காய்ச்சலில் படுத்தவர் எப்படி முன் அனுமதி வாங்குவார்? ஏழாம் நாளுக்குள் ஒரு செய்தி அனுப்பினால் போதும் என்று ஆக்கினோம்.

குரல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் பில், அட்வான்ஸ், டிக்கெட், லாட்ஜ் என்றுதான் பேசுகிறார்கள். 'பட்டியல்' என்று எழுதினால் பெயர்ப் பட்டியலா என்று கேட்கிறார்கள். அதனால் அவர்கள் சொல்லையே வைத்தேன். ஆனால் முழுக்கப் பேச்சுத் தமிழில் எழுதவில்லை. "அனுப்பிடுங்க" என்பது வாட்ஸப் நினைவூட்டலுக்குச் சரி; மூன்று ஆண்டு கழித்து ஒரு தகராறில் எடுத்துப் பார்க்கப்போகும் விதிக்கு "அனுப்புங்கள்" வேண்டும். மதுரைக்காரரும் நாகர்கோவில்காரரும் படிக்கும் தாளில் யார் ஊர்ப் பேச்சை வைப்பது என்ற கேள்வியும் இருக்கிறது.

எழுதி முடித்தபோது வந்த வடிவம் இது:

*பொருள்: வெளியூர் பயணச் செலவு – திரும்பி 7 நாட்களுக்குள் பில் அனுப்புங்கள் (ஜூலை 1 முதல்)*

*வணக்கம்.*

*கம்பெனி வேலையாக வெளியூர் போய் வரும் எல்லோருக்கும் இந்த விதி பொருந்தும். நீங்கள் அட்வான்ஸ் வாங்கியிருந்தாலும், கைக்காசு போட்டிருந்தாலும், ஊர் திரும்பி 7 நாட்களுக்குள் செலவுக் கணக்கைச் செலவுச் செயலியில் பதிவு செய்யுங்கள். திரும்பிய நாளுக்கு மறுநாள் முதல் நாள். செவ்வாய் திரும்பினால் அடுத்த செவ்வாய்வரை நேரம் இருக்கிறது. கடைசி நாள் விடுமுறை என்றால் அதற்கு அடுத்த வேலை நாள்.*

*ரயிலுக்கு பி.என்.ஆர். எண்ணை எழுதுங்கள், முன்பதிவு இல்லாத டிக்கெட் என்றால் டிக்கெட் எண்ணும் போட்டோவும். பஸ் டிக்கெட்டில் எழுத்து அழிந்துவிடும் என்பதால் வாங்கிய அன்றே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த பில்லாக இருந்தாலும் போட்டோவோடு பில் எண்ணையும் பதிவு செய்யுங்கள். ஆட்டோவுக்கு பில் இல்லையென்றால் எங்கிருந்து எங்கே, எவ்வளவு என்று எழுதினால் போதும். சேர்ந்து போன செலவை ஒருவர் மட்டும் போடுங்கள். தமிழ்நாட்டுக்குள் தங்கினால் லாட்ஜ் பில்லில் நம் ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.*

*நீங்கள் பதிவு செய்ததும் உங்கள் பொறுப்பு முடிந்தது. பிரிவுத் தலைவர் இரண்டு வேலை நாட்களுக்குள் ஒப்புதல் தர வேண்டும். தரவில்லை என்றால் செயலி அதை மேலாளருக்கு அனுப்பும்; அந்தத் தாமதத்துக்காக உங்களிடம் பணம் பிடிக்க மாட்டோம்.*

*7 நாளில் முடியாது என்றால் ஏழாம் நாளுக்குள் கணக்குப் பிரிவுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். புதிய தேதி சொல்கிறோம். செய்தியும் இல்லை, பில்லும் இல்லை என்றால் எட்டாம் நாள் உங்களைக் கூப்பிட்டுப் பேசுவோம். பதினைந்தாம் நாள்வரை கணக்கு வரவில்லை என்றால் பாக்கி அட்வான்ஸை அடுத்த சம்பளத்திலிருந்து பிடிப்போம். சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் ஒரே மாதத்தில் பிடிக்க மாட்டோம். எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்வோம்.*

*1984, 1981 சுற்றறிக்கைகள் ஜூலை 1 முதல் பொருந்தாது. கேள்வி இருந்தால் கணக்குப் பிரிவு, உள் எண் 14.*

பழையதைவிட நீளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சுருக்கினால்தான் நவீனம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது; நான் ஏற்கவில்லை. பழைய தாள் சுருக்கமாக இருந்ததற்குக் காரணம், மீதியைக் காசாளர் வாயால் சொன்னதுதான். சீட்டு எண்ணை எப்போது குறிப்பது, ஏழு நாளை எப்படி எண்ணுவது, ஆட்டோவுக்கு பில் இல்லை என்றால் என்ன செய்வது, எல்லாம் அவர் ஜன்னலில் தெரிந்துகொண்டவை. இன்று ஜன்னல் இல்லை. அவர் சொன்னதெல்லாம் தாளுக்குள் வந்தாக வேண்டும்.

அனுப்புவதற்கு முன், இந்த வேலையில் கலந்துகொள்ளாத மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். புரிகிறதா என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் புரிகிறது என்றே சொல்வார்கள். வியாழக்கிழமை தஞ்சாவூரிலிருந்து திரும்புகிறீர்கள், உங்கள் கடைசி நாள் எது, பஸ் டிக்கெட் தொலைந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முதல் கேள்விக்கு உடனே சரியான பதில் வந்தது. இரண்டாவதற்கு அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொலைந்த டிக்கெட்டுக்கு அதில் பதில் இல்லை. "ஆட்டோவுக்கு பில் இல்லையென்றால்" என்ற வாக்கியத்தை "ஆட்டோவுக்கு பில் இல்லையென்றாலோ பஸ் டிக்கெட் தொலைந்துபோனாலோ" என்று திருத்தினோம்.

அவரே இன்னொன்றும் கேட்டார்: "ஜூன் 28-ஆம் தேதி கிளம்பி ஜூலை 3-ஆம் தேதி திரும்பறவங்களுக்கு எந்த விதிங்க?" அதற்கும் ஒரு வரி சேர்த்தோம். எப்போது கிளம்பியிருந்தாலும், ஜூலை 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ திரும்புகிறவர்களுக்குப் புதிய விதி. ஜூன் மாதத்து பஸ் டிக்கெட்டுக்குப் போட்டோ எடுத்திருக்காவிட்டால் அசலைக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வோம்.